தனி எர்த் என்னும் தப்புக் கணக்கு

கும்பகோணத்தில் ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் இன்று மூன்று மாடி, நான்கு மாடி எழும்பி நிற்கின்றன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் சோலார் தகடு, அதற்கும் மேலே ஒரு செப்புக் கம்பி. இடிதாங்கி. கம்பியிலிருந்து ஒரு பட்டை சுவரோடு இறங்கி, கொல்லைப்புறத்தில் ஒரு எர்த் குழிக்குள் போய் மறைகிறது. மின்சாரத்துக்கான எர்த் குழி வாசல் பக்கம், மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கும். இரண்டையும் ஒரு பட்டையால் சேர்த்துவிட்டால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டால், வேலை பார்த்தவர் பதறுவார். "அத மட்டும் செஞ்சுடாதீங்க சார். இடி நேரா வீட்டுக்குள்ள வந்துடும். இடி எர்த் தனி, வீட்டு எர்த் தனி."

தஞ்சை மாவட்டத்தில் மட்டும் கேட்கும் குரல் இல்லை இது. ஒப்பந்தக்காரர்களும், கட்டட மேற்பார்வையாளர்களும், பொறியியல் படித்தவர்களில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். கணினி அறை வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போய் "சுத்தமான எர்த்" என்று மூன்றாவதாக ஒரு குழி தோண்டுகிறார்கள். அத்தனை பேரும் நம்புவது ஒன்றே: எர்த்துகளை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

அந்த நம்பிக்கை தவறு. அப்படிச் செய்த கட்டடம் இடிதாங்கியே இல்லாத கட்டடத்தைவிடச் சில வகையில் ஆபத்தானது. இடிதாங்கியின் எர்த், மின் எர்த், தண்ணீர்க் குழாய், கைப்பிடிக் கம்பி, கட்டடத்தின் இரும்புச் சட்டகம் எல்லாம் தரைமட்டத்தில் உலோகத்தால் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும் என்பதே உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஐ.இ.சி. 62305 தரத்தின் நிலை. மின்னல், மின்சாரம், தொலைத்தொடர்பு மூன்றுக்கும் சேர்த்துக் கட்டடத்துக்கு ஒரே எர்த் அமைப்பு இருப்பதே நல்லது என்று அது சொல்கிறது. இந்தியத் தர அமைவனமும் அதைத் தன் தரமாக ஏற்றிருக்கிறது. தரம் ஒன்று சொல்ல, தெரு வேறொன்று சொல்கிறது. தெரு ஏன் அப்படிச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம். இந்த எண்ணம் காற்றில் முளைத்ததில்லை.

தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின் மேல் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தவர்களுக்கு விஷயம் பிடிபடும். உயரழுத்தக் கம்பி வந்து சேரும் இடத்தில் மூன்று சிறு பீங்கான் தண்டுகள் தொங்கும். மின்வாரிய ஊழியர்கள் அவற்றை "எல்.ஏ." என்பார்கள், விரித்தால் லைட்னிங் அரெஸ்டர். அவற்றுக்கென்று ஒரு எர்த், டிரான்ஸ்ஃபார்மர் உடலுக்கு ஒரு எர்த், நியூட்ரலுக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாகக் கம்பிகள் இறங்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 92ஆவது விதி இதைப் பற்றியது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த விதிமுறைகளும் ஏறக்குறைய அதே சொற்களைத் திரும்பச் சொல்லின. அரெஸ்டரின் எர்த் கம்பி இரும்புக் குழாய்க்குள் போகக் கூடாது; கூடியவரை வளைவில்லாமல் நேராக ஒரு தனி எர்த் முனைக்குப் போக வேண்டும்; அல்லது துணைமின் நிலையத்தில் ஏற்கெனவே இருக்கும் எர்த் வலையின் சந்திப்பில் போய்ச் சேர வேண்டும்.

"தனி எர்த் முனை" என்ற பாதி வாக்கியம் ஊர் ஊராகப் பரவியது. "அல்லது எர்த் வலையின் சந்திப்பு" என்ற மறுபாதி உதிர்ந்துபோனது. துணைமின் நிலையத்தின் எர்த் வலை என்பது அங்கே உள்ள எல்லா எர்த்தும் கூடும் இடம். அங்கே போய்ச் சேரலாம் என்றால் இணைக்கலாம் என்றுதான் பொருள். மின்னல் இறங்கும் இடத்திலேயே அதற்கென்று நேர் கீழே ஒரு முனை இருக்கட்டும், கம்பி ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம் என்பதுதான் "தனி" என்பதன் நோக்கம். அந்த முனையை மற்ற முனைகளிலிருந்து துண்டித்து வை என்று விதி எங்கும் சொல்லவில்லை. தவிர, அந்த விதி மின்பாதையில் வரும் அதிர்வை வெட்டும் கருவியைப் பற்றியது. மொட்டை மாடியில் நிற்கும் கம்பி வேறு சாதனம். கம்பத்தில் செய்ததைப் பார்த்துப் பழகிய கை, கட்டடத்திலும் அதையே செய்துவிட்டது.

இனி கணக்கைப் பார்க்கலாம். மகாமகக் குளத்தை ஒட்டிய தெரு ஒன்றில் 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், மூன்று மாடி கொண்ட ஒரு கட்டடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொல்லையில் மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய குழாய் எர்த். மின்தடை 10 ஓம். இடிதாங்கி எர்த்துக்கு ஐ.இ.சி. தரம் பரிந்துரைக்கும் உச்ச அளவும் ஏறத்தாழ இதுதான். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உள்ள ஈரக் களிமண்ணில் இந்த அளவை எட்டப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். மின்னலின் உச்ச மின்னோட்டத்தை 30,000 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்வோம். அது நடுத்தர மின்னல். ஒரு லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. 30,000 ஆம்பியர் 10 ஓம் வழியே மண்ணுக்குள் இறங்கும்போது அந்தக் குழாயின் அழுத்தம் 3 லட்சம் வோல்ட்டுக்கு எழும்புகிறது. மின்னல் "மண்ணுக்குப் போய்விட்டது" என்று நிம்மதியாகச் சொல்லும் அந்த நொடியில் நடப்பது இது.

வீட்டு எர்த் நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே செப்பு இல்லை, மண் மட்டும்தான். குழாயிலிருந்து விலக விலக மண்ணின் அழுத்தம் சட்டென்று சரியும். மூன்று மீட்டர் குழாய்க்கு நான்கு மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆக வீட்டு எர்த் இருக்கும் இடத்தில் மண் சுமார் 37,000 வோல்ட்டில் நிற்கிறது. தனியாக வைத்தோமே, அங்கே மின்னல் வராது என்றார்களே? 37,000 வோல்ட் கேட்காமலேயே வந்துவிட்டது, சுவிட்சுப் பெட்டியின் பச்சைக் கம்பி வழியே ஃபிரிட்ஜின் உடல்வரைக்கும்.

மீதக் கணக்கு இன்னும் மோசம். இடிதாங்கிப் பட்டை 3 லட்சம் வோல்ட்டில் இருக்கிறது. வீட்டு எர்த் 37,000 வோல்ட்டில் இருக்கிறது. ஒரே வீட்டுக்குள், ஒரே சுவரின் இரு பக்கத்தில், இரண்டரை லட்சம் வோல்ட்டுக்கு மேல் இடைவெளி. காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டைத்தான் தாங்கும். வீட்டு மின்சாதனங்களின் காப்பு தாங்க வேண்டிய திடீர் அழுத்தமாகத் தரங்கள் வைத்திருக்கும் எண்கள் 1,500 முதல் 2,500 வோல்ட், மின்மீட்டருக்கு 6,000. இரண்டரை லட்சம் எந்த இடத்தில் காப்பை உடைத்துத் தாவும் என்பது அந்த வீட்டின் தலையெழுத்து. சுவருக்குள் ஓடும் கன்சீல்டு ஒயரில் தாவலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரில் தாவலாம். மழைக்கு மறுநாள் "காயில் போச்சு" என்ற சொல்லுக்குப் பின்னால் சில நேரம் இருப்பது இதுதான். பால்கனிக் கம்பியில் ஒரு கையும் வாஷிங் மெஷினில் மறு கையுமாக நிற்கும் ஆள் வழியாகவும் தாவலாம்.

இன்னும் தள்ளிப் போட்டால்? இருபது மீட்டர் தள்ளினால் வீட்டு எர்த்துக்கு வந்து சேர்வது சுமார் எட்டாயிரம் வோல்ட்டாகக் குறையும். அதுவும் சாதனங்களின் தாங்குதிறனைவிட மூன்று மடங்கு. இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வித்தியாசமோ 2,90,000 வோல்ட்டாக ஏறிவிடும். தூரம் கூடக் கூட ஒரு தொல்லை சற்றுக் குறைந்து மற்றது பெருகுகிறது. கும்பகோணத்தின் முப்பதுக்கு அறுபது அடி மனையில் இருபது மீட்டருக்கு எங்கே போவது என்பது தனிக் கேள்வி.

"அப்ப எர்த்த ஒரு ஓமுக்குக் கொண்டாந்துட்டா?" என்பது அடுத்த சமாதானம். கரி, உப்பு போட்டு நிரப்பி, இல்லாவிட்டால் கெமிக்கல் எர்த் என்ற பெயரில் செலவழித்து, மீட்டரில் 1 ஓம் காட்டி, சான்றிதழும் வாங்கிவிடுகிறார்கள். ஒரு ஓமிலும் 30,000 ஆம்பியர் 30,000 வோல்ட்டைத் தருகிறது. எட்டில் ஒரு பங்கைக் கழித்தாலும் இரண்டு எர்த்துக்கும் இடையே 26,000 வோல்ட் நிற்கும். ஓம் எண்ணைக் குறைத்துக் குறைத்து இந்த இடைவெளியைத் தீர்க்க முடியாது. ஒரு செப்புப் பட்டை தீர்த்துவிடும்.

எப்படித் தீர்க்கிறது? இணைத்த வீட்டிலும் 3 லட்சம் வோல்ட் எழத்தான் எழும். சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். ஆனால் பட்டை, ஃபிரிட்ஜ், குழாய், கைப்பிடிக் கம்பி எல்லாம் சேர்ந்து எழும். வித்தியாசம் இருந்தால்தானே பொறி தாவ வேண்டும்? கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பரிசல் தண்ணீரோடு ஏறுகிறது. பரிசலுக்குள் இருப்பவன் எத்தனை அடி ஏறினான் என்பது அவனுக்குப் பொருட்டில்லை. ஆபத்து, பரிசலைக் கரையில் உள்ள மரத்தோடு கட்டிய கயிற்றில் இருக்கிறது. அந்தக் கயிற்றைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

இந்தத் தெளிவு நேற்று வந்ததில்லை. மின்காந்தவியலின் சமன்பாடுகளைத் தந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1876இல் கட்டடங்களை மின்னலிலிருந்து காப்பது பற்றி ஒரு கட்டுரை படித்தார். வெடிமருந்து ஆலை ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதைச் செப்புக் கூண்டுபோலச் சுற்றிவிட்டால் உள்ளே எந்த இரண்டு புள்ளிக்கும் இடையே அழுத்த வித்தியாசம் வராது, எனவே பொறியும் வராது என்று வாதிட்டார். எர்த்தின் தரம்கூட அவருக்கு இரண்டாம்பட்சம். வெளியிலிருந்து உள்ளே வரும் உலோகக் குழாய் இருந்தால் அதைக் கூண்டோடு சேர்த்துவிட வேண்டும் என்பதே அவர் வைத்த நிபந்தனை.

அதற்கும் நூறாண்டு முன்பு, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் கரையில் பர்ஃப்ளீட் என்ற இடத்தில் பிரிட்டனின் வெடிமருந்துக் கிடங்கு இருந்தது. அதைக் காக்க 1772இல் ராயல் சொசைட்டி அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் ஹென்றி கேவண்டிஷும் இருந்தார்கள். கம்பியின் நுனி கூராக இருக்க வேண்டும் என்றது குழு. உருண்டையாக இருக்க வேண்டும் என்று பெஞ்சமின் வில்சன் என்ற உறுப்பினர் முரண்பட்டார். கூர்நுனியே வைத்தார்கள். 1777இல் அங்கிருந்த அலுவலகக் கட்டடத்தில் மின்னல் விழுந்தது. கம்பியின் நுனியில் விழவில்லை. கைப்பிடிச் சுவர் மூலையில் கற்களைக் கவ்வியிருந்த ஓர் இரும்புப் பிடிப்பில் விழுந்தது. அந்த இரும்பு எதனோடும் இணைக்கப்படவில்லை. சில அங்குலம் தள்ளி, இடிதாங்கியோடு தொடர்புள்ள ஈயத் தகடு இருந்தது. மின்னல் நடுவே இருந்த கட்டுமானத்தைப் பிளந்துகொண்டு ஈயத்துக்குத் தாவியது. சில கல்லும் செங்கல்லும் பெயர்ந்தன.

வில்சன் இதைத் தன் வெற்றியாகக் கொண்டாடினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் உருண்டையின் பக்கம் சாய்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் என்பதால் கூர்நுனி எதிரியின் நுனியாகிவிட்டது. நுனி கூரா உருண்டையா என்று லண்டனே கட்சி கட்டியது. பர்ஃப்ளீட்டின் சுவர் காட்டியதோ வேறு பாடம்: இடிதாங்கிப் பாதைக்கு அருகில் இருக்கும் உலோகத்தை இணைக்காமல் விட்டால் மின்னல் சுவரை உடைத்துத் தானே இணைத்துக்கொள்ளும். நுனியைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை. நூறு மீட்டர் சுற்றுவட்டத்தைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் "அட்வான்ஸ்டு" இடிதாங்கிகளை ஐ.இ.சி. தரம் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் பேசுவதெல்லாம் மேலே என்ன மாட்டுவது என்பதைத்தான்.

மேலே மாட்டுவதே போதும் என்ற நம்பிக்கையின் உள்ளூர் வடிவம் கோபுரக் கலசம். கலசத்தில் வரகு நிரப்பியிருப்பதால் அது இடிதாங்கி, பன்னிரண்டு ஆண்டு வீரியம் இருக்கும், அதனால்தான் குடமுழுக்கில் மாற்றுகிறார்கள் என்ற செய்தி ஆண்டுதோறும் கைப்பேசிகளில் சுற்றுகிறது. உயரத்தில் இருக்கும் செம்பு மின்னலை வாங்கிக்கொள்ளும் என்பதில் தவறில்லை. வாங்கியதை எங்கே அனுப்பும்? கலசத்துக்குக் கீழே செங்கல்லும் சுதையும்தான். பட்டை இல்லாத கோபுரத்தில் மின்னல் ஈரச் செங்கல்லுக்குள் புகுந்து, அதிலுள்ள நீரை நொடியில் ஆவியாக்கி, சுதையைச் சிதறடித்துக்கொண்டு இறங்கும். வரகுக்கு இதில் வேலை ஒன்றுமில்லை.

பட்டை இறக்கிய கோபுரங்களிலும் தனி எர்த் நம்பிக்கை குடியிருக்கிறது. சாரங்கபாணி கோயிலைப்போல பதினொரு நிலை எழும்பிய கோபுரம் என்றால் இடிதாங்கி அவசியம்தான். ஆனால் இன்றைய கோபுரங்களில் ஒலிபெருக்கிக் குழல், திருவிழா விளக்குச் சரம், கண்காணிப்புக் கேமரா என்று என்னென்னவோ ஏறியிருக்கின்றன. அவற்றின் ஒயர், இறங்குவதற்கு வசதியாக இருக்கிறதே என்று, சில இடங்களில் இடிதாங்கிப் பட்டையோடேயே கட்டப்பட்டு, கீழே அலுவலகத்து மைக் செட்டுக்குப் போகிறது. மைக் செட்டின் எர்த் வேறு, பட்டையின் எர்த் வேறு என்று "சரியாகத்" தனித்தனியே வைத்திருப்பார்கள். கீழே தனித்தனி, மேலே ஒட்டிக்கட்டியது. தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில், இரண்டு பட்டை இறக்கிய அமைப்பில்கூட, பட்டைக்கும் ஒயருக்கும் இடையே காற்றில் குறைந்தது 80 சென்டிமீட்டர் விலக்கு வேண்டும் என்கிறது ஐ.இ.சி. கணக்கு. கல்லோ செங்கல்லோ நடுவே இருந்தால் அதைப்போல இரு மடங்கு. அந்தக் கணக்கும் அடியில் எல்லா எர்த்தும் இணைந்திருக்கிறது என்ற அடிப்படையில்தான் செல்லும். இணைக்காத இடத்தில் எந்த விலக்கும் போதாது. ஒயரைக் கோபுரத்தின் வேறு முகத்தில் இறக்குவது, அல்லது கேமராவுக்கு மின்கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள் போடுவது, கீழே எர்த்துகளைச் சேர்ப்பது ஆகியவையே மாற்று.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "சேத்து வச்ச வீட்லதான் டிவி போச்சு, நான் பாத்திருக்கேன்" என்கிறார் அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன். அவர் பார்த்தது உண்மையாக இருக்கலாம். டெல்டாவில் இடிமழைக்குப் பலியாகும் டிவிகளில் பல, எங்கோ மின்பாதையில் விழுந்து கம்பி வழியே வந்த அதிர்வால் போனவை. அதில் வீட்டு எர்த்துகள் சேர்ந்திருந்தனவா இல்லையா என்பதற்குப் பங்கில்லை. ஆனால் இணைத்த வீட்டின்மீதே மின்னல் விழுந்து டிவி போயிருந்தால், அதற்குக் காரணம் கரையில் கட்டிய அந்தக் கயிறு. வீட்டின் எர்த் எல்லாம் 3 லட்சத்துக்கு ஏறும்போது, தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் ஏறாமல் நிற்கின்றன. அவை தூரத்து மண்ணில் வேரூன்றியவை. வித்தியாசம் முழுவதும் சுவிட்சுப் பெட்டியில் வந்து விழுகிறது.

எர்த்துகளைப் பிரித்துவிடுவதால் இது சரியாவதில்லை. அந்த இரண்டு கம்பியையும் ஏற்றத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண நேரத்தில் அவற்றை எர்த்தோடு நேரே இணைக்க முடியாது. அதனால்தான் அதிர்வுக் காப்பான்: கடைக்காரர் மொழியில் எஸ்.பி.டி. வழக்கமான 230 வோல்ட்டில் அது மூடிய கதவு; அழுத்தம் எகிறும் கணத்தில் திறந்து, ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த் பட்டையோடு சேர்த்துவிடும். மின்னல் ஓய்ந்ததும் மறுபடி மூடிக்கொள்ளும். இடிதாங்கி உள்ள கட்டடத்தில் மின்னோட்டத்தின் பாதி மண்ணுக்குள்ளும் மறுபாதி வெளியே போகும் கம்பிகளிலும் பிரியும் என்று தரம் தோராயமாக வைத்துக்கொள்கிறது. வீடுகளுக்கு வழக்கமான மூன்றாம் வகுப்புப் பாதுகாப்பில் வடிவமைப்பு மின்னல் ஒரு லட்சம் ஆம்பியர்; பாதி 50,000; மூன்று ஃபேஸும் நியூட்ரலும் ஆக நான்கு கம்பிக்குப் பங்கிட்டால் கம்பிக்கு 12,500. "டைப் 1" என்று எழுதிய எஸ்.பி.டி. பெட்டியின் மேல் 12.5 என்ற எண் வந்த கதை இதுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் "டைப் 2" தூரத்து அதிர்வுக்குப் போதும். தலையில் விழும் மின்னலுக்குத் தாங்காது. மீட்டருக்குப் பின், மெயின் போர்டிலேயே வைத்து, அதன் இணைப்பு ஒயர்களின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்கும்படி பொருத்த வேண்டும். ஒயர் சுருண்டு நீண்டால், கதவு திறந்தும் பயனில்லாத அளவுக்கு அந்த நீளமே அழுத்தத்தை உண்டாக்கிவிடும்.

ஆக எலெக்ட்ரீஷியன் பார்த்தது சரி, எடுத்த முடிவு தவறு. பாதி வேலை செய்த வீட்டில் பொருள் போனது. மீதிப் பாதியைச் செய்வதற்குப் பதிலாகச் செய்த பாதியையும் கழற்றினார்கள்.

இன்னொரு அச்சமும் உண்டு: வீட்டில் எங்காவது கசிவு ஏற்பட்டால் இடிதாங்கிப் பட்டையிலும் கரண்ட் வருமே? வரும். ஃபிரிட்ஜ் உடலில் வருகிற அதே அழுத்தம், கசிவு துண்டிக்கப்படும்வரை பட்டையிலும் இருக்கும். அதற்கான மருந்து 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அது இல்லாத வீட்டில் பட்டையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் குளியலறை ஹீட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். எர்த்துகளைச் சேர்த்தால் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாது என்பதும் தவறு. நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தால்தான் அது குழம்பும். இங்கே இணைக்கச் சொல்வது எர்த்தை எர்த்தோடு. நியூட்ரலை யாரும் தொடக் கூடாது. அரைகுறையாகக் காதில் வாங்கியவர்கள் செய்யக்கூடிய மிக ஆபத்தான பிழை இது.

அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கே திரும்பினால், வேலை இப்படிப் போகும். சுற்றளவு 44 மீட்டர். மூன்றாம் வகுப்பில் 15 மீட்டருக்கு ஒரு பட்டை என்பதால் மூன்று தேவை. நான்கு மூலையிலும் நான்கு இறக்குவதே நடைமுறையில் எளிது. ஒற்றைப் பட்டை இறக்கும் வழக்கம் செலவை மிச்சப்படுத்தி ஆபத்தைப் பெருக்குகிறது. பத்து மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பட்டையானால், செங்கல் சுவருக்குள் ஓடும் ஒயரிலிருந்து 80 சென்டிமீட்டர் விலக்கு வேண்டும். நான்கு பட்டைக்கு மின்னோட்டம் பிரிந்தால் 35 சென்டிமீட்டர் போதும். ஒன்பது அங்குலச் சுவர் 23 சென்டிமீட்டர்தான். எனவே நான்கு இறக்கினாலும், பட்டை இறங்கும் இடத்துக்கு நேர் பின்னே உட்புறத்தில் சுவிட்சுப் பெட்டியோ ஒயரோ வைக்கக் கூடாது.

கைப்பிடிச் சுவரைத் தாண்டும்போது பட்டையைச் சுவரோடு ஒட்டி ஏற்றி இறக்கி "ப" போல வளைப்பதிலும் கவனம் வேண்டும். வளைவுக்குள் ஓடும் பட்டையின் நீளம், வளைவின் வாய் அகலத்தைப் போல எட்டு மடங்கைத் தாண்டினால் மின்னல் வளைவைச் சுற்றாது, வாயைத் தாவும். சுவரில் ஒரு துளையிட்டு நேராக வெளியே எடுத்துவிடுவது உத்தமம். செப்புத் திருட்டுக்குப் பயந்து கீழ்ப்பகுதியை இரும்புக் குழாய்க்குள் நுழைப்பதும் வழக்கம். ஒற்றைக் கடத்தியைச் சுற்றிய இரும்பு மின்னலை மூச்சுத் திணற வைக்கும், பி.வி.சி. குழாய் போட வேண்டும், அல்லது இரும்புக் குழாயின் இரு முனையையும் பட்டையோடு இணைக்க வேண்டும்.

தரைக்குச் சற்று மேலே ஒவ்வொரு பட்டையிலும் கழற்றி மாட்டும் டெஸ்ட் லிங்க். அதற்குக் கீழே நான்கு எர்த் முனைகள். அவற்றை அடித்தளத்தைச் சுற்றி மண்ணுக்குள் ஓடும் ஒரு பட்டை வளையமாகச் சேர்க்கும். அந்த வளையத்திலிருந்து மெயின் போர்டுக்கு அருகே உள்ள எர்த் கட்டைக்கு ஒரு பட்டை. குறைந்தபட்சம் 16 சதுர மில்லிமீட்டர் செம்பு அல்லது 50 சதுர மில்லிமீட்டர் ஜி.ஐ.; இறக்கிய அதே பட்டையில் ஒரு துண்டே தாராளமாகப் போதும். மின் எர்த், மோட்டார் எர்த், தண்ணீர்க் குழாய், தூண் கம்பியிலிருந்து எடுத்த ஒரு முனை எல்லாம் அந்தக் கட்டைக்கு வந்து சேரும். சேர்க்கும் இடம் தரைமட்டம். மாடியில் இரண்டையும் முறுக்கிக் கட்டிவிட்டு இணைத்துவிட்டேன் என்பது வேலைக்காகாது. செம்பையும் ஜி.ஐ.யையும் நேரடியாக நட்டு போட்டு மண்ணுக்குள் புதைத்தால் சில மழைக்காலத்தில் துத்தநாகம் கரைந்து இணைப்பு பொய்யாகிவிடும். இரு உலோகத்துக்கும் பொதுவான கிளாம்பு போட்டு, இணைப்பைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும்.

இந்த இணைப்பு கட்டடத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கானது. இடி முழக்கத்தில் பட்டையை ஒட்டி வெளியே நிற்பவரை அது காக்காது. மின்னல் இறங்கும் மண்ணில் ஒரு காலடிக்கும் மறு காலடிக்கும் இடையிலேயே ஆளைக் கொல்லும் அழுத்தம் வரலாம். பட்டை இறங்கும் இடத்திலிருந்து மூன்று மீட்டர் விலகியிருப்பது நல்லது. மாட்டைக் கட்டும் முளையும் அங்கே வேண்டாம்.

ஏற்கெனவே இடிதாங்கி உள்ள கட்டடத்தில் இணைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தோண்ட வேண்டியதில்லை. சித்திரைக் கோடை மழைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் முன்னால், வானம் தெளிந்த நாளில், தெரிந்த ஒருவரைக் கொண்டு இரண்டு அளவு எடுக்கலாம். முதலில் டெஸ்ட் லிங்கைக் கழற்றி எர்த் மீட்டரால் முனையின் தடையைப் பார்த்துவிட்டு, லிங்கை உடனே மாட்டிவிட வேண்டும். அளந்தவர் மாட்ட மறந்த லிங்குகள் ஊரில் நிறைய. பிறகு லிங்க் மாட்டிய நிலையில், இடிதாங்கிப் பட்டைக்கும் மெயின் போர்டின் எர்த் கட்டைக்கும் இடையே குறைந்த ஓம் அளக்கும் மீட்டரை வைக்க வேண்டும். 0.2 ஓமுக்குள் காட்டினால் நடுவே உலோகம் தொடர்ந்து ஓடுகிறது. 6, 8, 12 என்று ஏதாவது காட்டினால் நடுவே இருப்பது மண் மட்டும்தான்; பட்டைத் துண்டும் நான்கு நட்டும் இன்னும் போடப்படவில்லை.